கீழே போகப் போக ஏறும் எடை

மும்பையின் தேசியப் பங்குச் சந்தை 2008-ஆம் ஆண்டு முதல் 'இந்தியா விக்ஸ்' என்ற எண்ணை வெளியிட்டு வருகிறது. வணிகத் தொலைக்காட்சிகளின் அடிவரியில் நிஃப்டிக்குப் பக்கத்திலேயே அது ஓடுகிறது. அது ஏறினால் சந்தை பயப்படுகிறது, இறங்கினால் நிம்மதியாக இருக்கிறது என்று வர்ணனையாளர்கள் சொல்வார்கள். அந்த எண் யாரிடமும் கருத்துக் கேட்டு எடுக்கப்படுவதில்லை. நிஃப்டியின் மீதான ஆப்ஷன்களின் விலைகளைக் குறிப்பிட்ட விகிதத்தில் கூட்டி, வர்க்கமூலம் கண்டால் அது வந்துவிடும். அமெரிக்காவில் சிகாகோ ஆப்ஷன் சந்தை எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண்ணுக்காக 2003 செப்டம்பரில் கொண்டுவந்த முறைதான் இங்கும் அடிப்படை.

அந்த விகிதத்தில்தான் ஒரு விசித்திரம் இருக்கிறது. சந்தை இப்போது நிற்கும் இடத்திலிருந்து கீழே போகப் போக ஆப்ஷன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, மேலே போகப் போகக் குறைகிறது. பாதி விலையில் இருக்கும் ஆப்ஷனுக்கு நடுவில் இருப்பதைப் போல நான்கு மடங்கு எடை. இதைப் பார்க்கும் பலரும், வீழ்ச்சியைப் பற்றிய கவலையால் வேண்டுமென்றே வைத்த சாய்வு இது என்றே எண்ணுகிறார்கள். அப்படியில்லை. சதவீதக் கணக்கிலிருந்து அது தானாக வந்து விழுகிறது. எப்படி என்று புரிய, இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தின் பெயர் வேரியன்ஸ் ஸ்வாப். சந்தை ஏறுமா இறங்குமா என்று அதில் யாரும் பந்தயம் கட்டுவதில்லை. எவ்வளவு ஆடும் என்பதுதான் பந்தயம். ஒப்பந்தக் காலம் முழுவதும் ஒவ்வொரு நாளும் குறியீட்டெண் எத்தனை சதவீதம் நகர்ந்தது என்று குறித்துக்கொள்வார்கள். அதை வர்க்கப்படுத்துவார்கள். அப்படிச் செய்தால் ஏற்றமும் இறக்கமும் ஒரே கணக்கில் வந்துவிடும். நகர்வைச் சாதாரணச் சதவீதத்தில் எடுக்காமல், இன்றைய விலையை நேற்றைய விலையால் வகுத்து அதன் மடக்கையை எடுப்பது வழக்கம். சின்ன நகர்வுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த வர்க்கங்களின் கூட்டுத்தொகையை ஆண்டுக் கணக்குக்கு மாற்றினால் அதுதான் வேரியன்ஸ். முன்கூட்டியே பேசிவைத்த அளவைவிட அது கூடினால் விற்றவர் கொடுக்க வேண்டும், குறைந்தால் வாங்கியவர் கொடுக்க வேண்டும்.

விற்பவர் பெரும்பாலும் ஒரு வங்கி. சந்தை எவ்வளவு ஆடும் என்று வங்கிக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் துணிந்து விற்க வேண்டுமானால், அதே தொகையைத் தனக்கும் கொண்டுவந்து தரும் ஏற்பாடு ஒன்றைப் பக்கத்திலேயே கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஏற்பாடு இரண்டு படிகளில் வருகிறது. முதல் படி மிக எளிமையானது, ஆனால் முதல் தடவை பார்ப்பவரை அது வியக்க வைக்கும்.

குறியீட்டெண் 100-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி, கமிஷன் எதையும் இப்போதைக்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒருவர் அதில் ஒரு லட்சம் ரூபாய் போடுகிறார். அவருக்கு ஒரே ஒரு விதி: ஒவ்வொரு நாள் முடிவிலும் கையில் இருப்பதன் மதிப்பு மறுபடி ஒரு லட்சமாக இருக்க வேண்டும். விலை இறங்கினால் குறைந்த தொகைக்கு மேலும் வாங்குவார். ஏறினால் கூடிய தொகைக்கு விற்றுவிடுவார்.

முதல் நாள் குறியீட்டெண் 95-க்கு இறங்குகிறது. 5,000 ரூபாய் நட்டம். அடுத்த நாள் 98. ஒரு லட்சத்துக்கு 3,158 ரூபாய் லாபம். மூன்றாம் நாள் 90. இப்போது 8,163 ரூபாய் நட்டம். நான்காம் நாள் மறுபடி 100-க்கே வந்துவிடுகிறது. 11,111 ரூபாய் லாபம். கூட்டிக் கழித்தால் கையில் மிஞ்சுவது 1,106 ரூபாய். குறியீட்டெண் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது, சும்மா வைத்திருந்தவருக்கு ஒரு பைசாகூடக் கிடைத்திருக்காது. இவருக்கு மட்டும் பணம் வந்தது எப்படி? இறங்கும்போது வாங்கி, ஏறும்போது விற்றதால்.

இப்போது அந்த நான்கு நாட்களின் மடக்கை நகர்வுகளை வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். 0.02195 வருகிறது. ஒரு லட்சத்துக்கு 2,195 ரூபாய். நம்மவர் சம்பாதித்த 1,106-ஐ இரட்டித்தால் ஏறக்குறைய 2,211. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. இது தற்செயல் இல்லை. கிளம்பிய இடத்துக்கே சந்தை திரும்பிவிட்டால், நிலையான ரூபாய் மதிப்பை வைத்திருப்பவரின் லாபம் எப்போதும் வேரியன்ஸில் ஏறக்குறைய பாதியாக இருக்கும். ஆக வங்கி இரண்டு லட்சத்துக்கு இதைச் செய்துவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

ஆனால் சந்தை கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் என்று யார் உறுதி தருவது? குறியீட்டெண் ஒவ்வொரு நாளும் துளித்துளியாக இறங்கி 80-க்குப் போய் நின்றுவிட்டது என்றால், நம்மவர் வழியெல்லாம் வாங்கிக்கொண்டே வந்திருப்பார். அவருடைய நட்டம் 22,314 ரூபாயை நெருங்கும். இத்தனைக்கும் அன்றாட நகர்வுகள் மிகச் சிறியவை என்பதால் வேரியன்ஸ் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. அதே மாதிரி துளித்துளியாக ஏறி 120-க்குப் போனால் ஏறக்குறைய 18,232 ரூபாய் லாபம் நிற்கும், அதற்கும் வேரியன்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. இந்த இரண்டு எண்களும் 0.8, 1.2 ஆகியவற்றின் இயல் மடக்கைகள். ஆகவே வங்கிக்கு இரண்டாவதாக ஒரு பொருள் தேவை. இறுதி விலை 80 என்றால் 22,314 ரூபாய் தர வேண்டும், 120 என்றால் 18,232 ரூபாய் எடுத்துக்கொள்ள வேண்டும், இடையில் உள்ள எல்லா விலைக்கும் மடக்கைப்படியே கணக்குத் தீர்க்க வேண்டும். லண்டனில் ஆந்தனி நியூபெர்கர் 1990-இல் இதை எழுதிக் காட்டினார், 'மடக்கை ஒப்பந்தம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார். ஆனால் அப்படியொரு ஒப்பந்தம் எந்தச் சந்தையிலும் பட்டியலில் இல்லை.

பட்டியலில் இருப்பவை ஆப்ஷன்கள். அவற்றைக் கொண்டே மடக்கையைக் கட்டிவிட முடியுமா என்பதுதான் இரண்டாவது படி. பீட்டர் கார், திலீப் மதன் இருவரும் 1998-இல் எழுதிய கட்டுரையும், கோல்ட்மன் சாக்ஸில் இமானுவேல் டெர்மனின் குழு 1999 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பும் இதைத் தெளிவாக்கின. தொழிலில் இருப்பவர்கள் இன்றும் அந்தக் குறிப்பைத் தேடி எடுத்துப் படிக்கிறார்கள்.

முதலில் பெரிய பாகத்தை எளிதாகக் கழித்துவிடலாம். இன்றே ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறியீட்டெண்ணை முன்பேரமாக விற்றுவிட்டு, அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். 80-இல் அது 20,000 ரூபாய் லாபம் தரும், மீதம் தேவைப்படுவது 2,314. 120-இல் 20,000 ரூபாய் நட்டம். நாம் இழக்க வேண்டியிருந்தது 18,232 மட்டுமே என்பதால், இங்கேயும் 1,768 ரூபாய் வந்து சேர வேண்டும். அதாவது மிச்சம் இருக்கும் பொருள் இரண்டு பக்கமும் பணம் தருகிறது, ஆனால் சமமாகத் தருவதில்லை. 20 புள்ளி இறக்கத்துக்கு 2,314, அதே 20 புள்ளி ஏற்றத்துக்கு 1,768. தூரம் போகப் போக இந்த வித்தியாசம் பெரிதாகிறது: 50-இல் 19,315 ரூபாய், 150-இல் 9,453 ரூபாய் மட்டுமே. படமாக வரைந்தால் 100-இல் தரையைத் தொட்டு இரு பக்கமும் எழும் ஒரு வளைவு. அதன் இடப்பக்கம் செங்குத்தாக ஏறும், வலப்பக்கம் சாய்வாகப் போகும்.

இந்த வளைவை ஆப்ஷன்களால் கட்ட வேண்டும். ஓர் ஆப்ஷனின் இறுதி வரவு ஒரே இடத்தில் மடிந்த நேர்கோடு. ஸ்ட்ரைக் 90 உள்ள புட் ஆப்ஷன், விலை 90-க்கு மேல் இருக்கும்வரை எதுவும் தராது. 90-க்குக் கீழே ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ரூபாய் தரும். மடிப்பு 90-இல் மட்டும்தான். கால் ஆப்ஷன் இதற்கு எதிர்ப்பக்கம் மடிந்தது. வளைவு ஒன்றை மடிந்த கோடுகளால் கட்டும்போது, எந்த இடத்தில் வளைவு அதிகமோ அந்த ஸ்ட்ரைக்கில் அதிக ஆப்ஷன் வாங்க வேண்டும், எங்கே குறைவோ அங்கே குறைவாக வாங்கினால் போதும். கேள்வி இதுதான்: எந்த விலையில் எவ்வளவு வளைவு தேவை?

இங்கேதான் கணக்கின் உயிர்நாடி இருக்கிறது. ஆப்ஷனை வாங்கி, அன்றாடம் குறியீட்டெண்ணில் வாங்கி விற்றுச் சமன் செய்பவருக்கு ஒரு நாளில் கிடைக்கும் வரவு, வளைவின் அளவையும் அன்றைய நகர்வின் வர்க்கத்தையும் பெருக்கியதில் பாதி. அந்த வளைவைத்தான் சந்தையில் காமா என்கிறார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இங்கே நகர்வு புள்ளிக் கணக்கில் வருகிறது. வேரியன்ஸ் ஸ்வாப்போ சதவீதத்தில் பேசுகிறது. குறியீட்டெண் 100-இல் இருக்கும்போது ஒரு சதவீத நகர்வு என்றால் ஒரு புள்ளி, அதன் வர்க்கம் ஒன்று. குறியீட்டெண் 50-க்கு விழுந்த பிறகு அதே ஒரு சதவீத நகர்வு அரைப் புள்ளி மட்டுமே, அதன் வர்க்கம் கால். ஒப்பந்தம் இரண்டு நாளுக்கும் ஒரே தொகையைத்தான் கேட்கிறது. 50-இல் நிற்கும்போதும் அதே வரவு வேண்டுமென்றால், அங்கே நான்கு மடங்கு வளைவு இருந்தே ஆக வேண்டும். விலை பாதியானால் எடை நான்கு மடங்கு, மூன்றில் ஒன்றானால் ஒன்பது மடங்கு. ஸ்ட்ரைக்கின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும் என்ற விதி இவ்வளவில் முடிந்துவிடுகிறது. இதில் பயத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

அந்த வர்க்கத்தின் இரண்டு வகுத்தல்களுக்கும் தனித்தனிக் காரணம் சொல்லலாம். எனக்கு இந்த விளக்கமே கூடுதலாகப் பிடிக்கும். 150 ஸ்ட்ரைக் ஆப்ஷன் 50 ஸ்ட்ரைக் ஆப்ஷனைவிட மூன்று மடங்கு பெரிய பொருள், அதனால் சமமாக்க ஒருமுறை ஸ்ட்ரைக்கால் வகுக்க வேண்டும். அடுத்து, சந்தையில் ஸ்ட்ரைக்குகள் சமமான புள்ளி இடைவெளியில் கிடைக்கின்றன. பத்துப் புள்ளி இடைவெளி 50-இல் 20 சதவீதம், 150-இலோ 7 சதவீதம்கூட இல்லை. கீழே இருக்கும் ஒவ்வொரு ஸ்ட்ரைக்கும் சதவீதக் கணக்கில் அகலமான ஒரு பரப்பைத் தனியாகத் தாங்க வேண்டியிருக்கிறது. அதற்காக இன்னொரு முறை வகுக்கிறோம். ஸ்ட்ரைக்குகளைச் சம சதவீத இடைவெளியில் பட்டியலிடும் சந்தை ஒன்று இருந்திருந்தால், ஒரு வகுத்தலே போதுமாக இருந்திருக்கும்.

இனி நம் ஒரு லட்சத்துக்கு எத்தனை ஆப்ஷன் என்று பார்த்துவிடலாம். பத்துப் புள்ளிக்கு ஒரு ஸ்ட்ரைக். இடைவெளியான பத்தை ஸ்ட்ரைக்கின் வர்க்கத்தால் வகுத்து லட்சத்தால் பெருக்க வேண்டும். 100-இல் 100 வருகிறது, அதில் பாதி புட், பாதி கால். அதற்குக் கீழே எல்லாம் புட்: 90-இல் 123, 80-இல் 156, 70-இல் 204, 60-இல் 278, 50-இல் 400. மேலே எல்லாம் கால்: 110-இல் 83, 120-இல் 69, 130-இல் 59, 140-இல் 51, 150-இல் 44. ஐம்பதுக்கும் நூற்றைம்பதுக்கும் இடையே ஒன்பது மடங்கு வித்தியாசம்.

சரிபார்ப்போம். இறுதி விலை 50 என்றால் 100-இல் உள்ள 50 புட் ஒவ்வொன்றும் 50 ரூபாய் தரும், மொத்தம் 2,500. 90-இல் உள்ளவை 4,938. 80-இல் 4,688. 70-இல் 4,082. 60-இல் 2,778. கூட்டினால் 18,986. தேவைப்பட்டது 19,315. பத்துப் புள்ளி இடைவெளி என்ற முரட்டுத் தையலுக்கு இது நல்ல பொருத்தம்தான். உண்மையான சந்தையில் ஸ்ட்ரைக்குகள் இதைவிட நெருக்கமாக இருப்பதால் பிழை இன்னும் சுருங்கும்.

இந்த ஆப்ஷன் வரிசையை வாங்க ஆகும் செலவுதான் வேரியன்ஸ் ஸ்வாப்பின் விலை. அன்றாட வாங்கல் விற்றலுக்கும் முன்பேரத்துக்கும் தொடக்கத்தில் செலவில்லை என்பதால், மிஞ்சுவது ஆப்ஷன் பிரீமியம் மட்டுமே. விக்ஸ் சூத்திரமும் இதைத்தான் எழுதி வைத்திருக்கிறது:

```
σ² = (2/T) Σ (ΔK/K²) e^(RT) Q(K) − (1/T) (F/K₀ − 1)²
```

இதில் K ஸ்ட்ரைக், ΔK ஸ்ட்ரைக்குகளுக்கு இடையிலான இடைவெளி, Q(K) அந்த ஆப்ஷனின் விலை, T ஆண்டுக் கணக்கில் காலம். முன்னால் நிற்கும் 2, நாம் ஒரு லட்சத்தை இரண்டு லட்சமாக்கிய அதே இரண்டு. கடைசி உறுப்பு, முன்பேர விலை சரியாக ஒரு ஸ்ட்ரைக்கில் வந்து உட்காராததற்கான சிறு திருத்தம்.

எடை என்பது எண்ணிக்கை மட்டும்தான், பணம் இல்லை. இந்த வேறுபாட்டை மறந்தால் முழுவதும் தவறாகப் போய்விடும். ஓராண்டுக் காலம், எல்லா ஸ்ட்ரைக்கிலும் ஆண்டுக்கு 20 சதவீத ஏற்ற இறக்கம் என்று எடுத்துக்கொண்டு விலை போட்டால், நடுவில் 100 ஸ்ட்ரைக்கில் இருக்கும் நூறு ஆப்ஷன்களுக்கு ஏறக்குறைய 797 ரூபாய் ஆகும். கீழே 50 ஸ்ட்ரைக்கில் இருக்கும் நானூறு புட்களுக்கு மொத்தமாகவே சுமார் 40 பைசாதான். அமைதியான காலத்தில் விலையின் பெரும் பங்கு நடுவிலிருந்தே வருகிறது, கீழ்க்கோடி வெறும் எண்ணிக்கையாகப் படுத்துக் கிடக்கிறது. அதே ஏற்ற இறக்கம் 40 சதவீதமானால் என்ன ஆகிறது பாருங்கள். நடுவில் இருப்பதன் விலை இரட்டிப்பாகி 1,585 ஆகிறது. கீழே இருக்கும் நானூறு புட்களின் விலையோ சுமார் 188 ரூபாய். கிட்டத்தட்ட ஐந்நூறு மடங்கு.

உண்மையான சந்தையில் கீழ் ஸ்ட்ரைக் புட்களின் விலை எப்போதுமே கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது. அமெரிக்கக் குறியீட்டெண் ஆப்ஷன்களில் 1987 வீழ்ச்சிக்குப் பிறகு இது நிலையாகவே தங்கிவிட்டது. பயம் நுழையும் இடம் இதுதான். எத்தனை ஆப்ஷன் என்பதைக் கணிதம் தீர்மானிக்கிறது, ஒவ்வொன்றும் என்ன விலை என்பதைச் சந்தையின் அச்சம் தீர்மானிக்கிறது. இரண்டும் பெருக்கப்படுவதால், வேரியன்ஸ் ஸ்வாப்பின் விலை நடு ஸ்ட்ரைக் ஆப்ஷன் காட்டும் ஏற்ற இறக்கத்தைவிட எப்போதும் உயரத்திலேயே நிற்கிறது. விக்ஸ் 20 என்பதை 'நடு ஆப்ஷனின் ஏற்ற இறக்கம் 20' என்று படிப்பது அதனால் பிழை.

கீழ்க்கோடி எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதை 2024 ஆகஸ்ட் 5 காட்டியது. அன்று டோக்கியோவில் நிக்கேய் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை திறப்பதற்கு முன்பே விக்ஸ் 65.73 வரை போனது. முந்தைய வெள்ளிக்கிழமை அது முடிந்தது 23.39-இல். அன்று மாலையே 38.57-க்கு வந்து முடிந்தது. சில மணி நேரத்தில் அமெரிக்கச் சந்தையின் எதிர்காலம் அவ்வளவு கெட்டு, அவ்வளவு சீக்கிரம் தேறிவிடவில்லை. விக்ஸ் கணக்கு நடந்த வியாபாரத்தின் விலையை எடுப்பதில்லை, வாங்கக் கேட்கும் விலைக்கும் விற்கக் கேட்கும் விலைக்கும் நடுப்புள்ளியை எடுக்கிறது. விடியற்காலையில் ஆள் குறைவு. தொலைதூரப் புட்களை விற்கத் துணிந்தவர்கள் தங்கள் விலையை மிக உயர்த்தி வைத்தார்கள், வாங்குபவர் விலையோ பின்தங்கியே இருந்தது. இடைவெளி அகன்றதும் நடுப்புள்ளி தானாக மேலே போனது. பெரிய எடை அதைப் பெருக்கிவிட்டது.

இதோடு இன்னொரு விதியும் சேர்ந்துகொள்கிறது. நடுவிலிருந்து கீழே எண்ணிக்கொண்டு போகும்போது, வாங்க ஆளில்லாத ஸ்ட்ரைக் அடுத்தடுத்து இரண்டு வந்தால் கணக்கு அங்கே நின்றுவிடும். பரபரப்பான நாளில் தொலைவான புட்களுக்கும் யாராவது சிறு விலை கேட்டு வைப்பார்கள். முந்தைய நாள் கணக்கிலேயே இல்லாத ஸ்ட்ரைக்குகள் உள்ளே வந்துவிடும். உண்மையான ஏற்றமா, விலைக்குறிகளின் அகலமா என்று பிரித்தறிய எளிய வழி, விக்ஸ் மீதான ஃப்யூச்சர்ஸ் எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பது. அதில் வாங்குபவரும் விற்பவரும் உண்மையிலேயே கை மாற்றுகிறார்கள். அன்று காலை ஃப்யூச்சர்ஸ், விக்ஸ் ஏறிய அளவுக்கு ஏறவே இல்லை.

விற்ற வங்கிக்கோ இது திரையில் ஓடும் எண் மட்டும் இல்லை. அதன் முதல் ஆபத்து தாவல். முன்னே சொன்ன ஏற்பாடு, விலை சிறுசிறு அடிகளாக நகரும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 1987 அக்டோபர் 19 அன்று எஸ் அண்ட் பி 500 ஒரே நாளில் 20.47 சதவீதம் விழுந்தது. அந்த ஒரு நாளுக்கு ஒரு லட்ச ரூபாய்க் கணக்கில் வேரியன்ஸ் 5,246 ரூபாய். மடக்கை வரிசையும் அன்றாடச் சமன் செய்தலும் சேர்ந்து தருவது 4,868. மீதி 378 ரூபாயை விற்றவர் தன் கையிலிருந்து போட வேண்டும். மேல்நோக்கிய தாவலில் இது தலைகீழாகி அவருக்குச் சாதகமாக முடியும், ஆனால் பங்குச் சந்தை அந்தப் பக்கம் அப்படித் தாவுவது அரிது.

இரண்டாவது ஆபத்து இதைவிடப் பெரியது: தேவைப்படும் ஸ்ட்ரைக்கே கிடைக்காமல் போவது. நம் உதாரணத்தில் வங்கி 80-க்குக் கீழே எதையும் வாங்காமல் விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செலவு மிகக் கொஞ்சம்தான் மிச்சம், நூறு நாளில் தொண்ணூற்றொன்பது நாள் எந்த வித்தியாசமும் தெரியாது. இறுதி விலை 50 ஆனால் மட்டும், 18,986 வர வேண்டிய இடத்தில் 12,126 வரும். நிற்கும் பள்ளம் 6,860, இரண்டு லட்சமாக்கிப் பார்த்தால் அதுவும் இரட்டிக்கும். இதை முன்கூட்டி அறிய ஒரே வழி, ஒவ்வொரு விலையிலும் சதவீதக் கணக்கிலான காமா எவ்வளவு என்று வரைந்து பார்ப்பது. முழு வரிசை என்றால் அது சமதளமாக ஓடும். கீழ் ஸ்ட்ரைக் விடுபட்டிருந்தால் அந்த இடத்தில் சரியும்.

பரந்த குறியீட்டெண் பாதியாவது அபூர்வம். தனி நிறுவனப் பங்கு பாதியாவது அபூர்வம் இல்லை, அது பூஜ்யத்துக்கே போகலாம். பூஜ்யத்தை நெருங்கும்போது மடக்கைக்கு எல்லையே இல்லை. நம் கணக்குப்படி 20 ஸ்ட்ரைக்கில் 2,500 புட், 10 ஸ்ட்ரைக்கில் 10,000 புட் வாங்கியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஸ்ட்ரைக்குகள் நூறு ரூபாய்ப் பங்குக்குப் பெரும்பாலும் பட்டியலிலேயே இருக்காது. 2008-க்கு முந்தைய ஆண்டுகளில் வங்கிகள் தனிப் பங்குகளின் மீதும் வேரியன்ஸ் ஸ்வாப் விற்றிருந்தன. அந்த இலையுதிர் காலத்தில் நிதி நிறுவனப் பங்குகள் கையிலிருந்த கடைசி ஸ்ட்ரைக்குக்கும் கீழே இறங்கியபோது, தினசரி நகர்வுகள் மிகப் பெரிதாகவும் ஈடுகொடுக்க வளைவு மிகக் குறைவாகவும் இருந்தன. புதிய ஸ்ட்ரைக்குகளை வாங்கப் போனால் எல்லோரும் அதையே வாங்க நின்றார்கள். தனிப் பங்கு வேரியன்ஸ் ஸ்வாப் சந்தை அத்தோடு வற்றிப்போனது. குறியீட்டெண்களின் மீதான ஒப்பந்தம் பிழைத்தது. எழுதும் விதத்தில் மட்டும் வங்கிகள் கறாராகிவிட்டன: நடந்த ஏற்ற இறக்கம் பேசிய அளவைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் போனாலும் இரண்டரை மடங்குக்கு மட்டுமே தீர்வு என்ற உச்சவரம்பு பரவலாக ஒப்பந்தத்தில் ஏறியது. அந்த வரம்பு வந்தபின் வாங்குபவருக்குக் கிடைப்பது தூய வேரியன்ஸ் இல்லை, வேரியன்ஸிலிருந்து அதன் மீதான ஓர் ஆப்ஷனைக் கழித்த பொருள். அந்த ஆப்ஷனுக்கு என்ன விலை என்பதை நாம் கட்டிய வரிசை சொல்லாது. அதற்கு ஏற்ற இறக்கமே எப்படி ஏறி இறங்கும் என்ற ஊகம் வேண்டும்.